படுத்துக்கொண்டு கொடுக்க வேண்டிய ரத்தம்

டாக்டர் ஐயா, என் அம்மாவுக்கு 58 வயது, சாட்ஸ்வர்த்தில் இருக்கிறார். சிறுநீரகக் கல் சந்தேகத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது இடது அட்ரீனலில் 2.2 சென்டிமீட்டர் கட்டி என்று வந்தது. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் நார்மெட்டானெஃப்ரின் 1.58 (0.90-க்குள் இருக்க வேண்டுமாம்), மெட்டானெஃப்ரின் 0.31 (0.50-க்குள்). பார்க்கிங்கிலிருந்து ஏறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் போடுகிறார். அந்த வாரம் ஜலதோஷத்துக்குக் கடையில் மாத்திரை வாங்கியும் போட்டிருந்தார். ஸ்பெஷலிஸ்ட் "படுக்கவைத்துத் திரும்ப எடுக்கலாம்" என்கிறார். மாமா "கட்டி இருப்பது தெரிந்துவிட்டது, இன்னும் என்ன டெஸ்ட், உடனே ஆபரேஷன் செய்" என்கிறார். படுப்பதற்கும் உட்காருவதற்கும் அவ்வளவு வித்தியாசமா? எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்? — ஒரு மகன், டர்பன்

தம்பி,

மாமாவின் பதற்றம் புரிகிறது. ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோக மாட்டார்கள், கொண்டுபோகவும் கூடாது. ஸ்பெஷலிஸ்ட் தட்டிக்கழிக்கவில்லை. இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் அன்றாட வேலை. முதல் ரத்தம் எடுத்த விதத்தைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இந்த டெஸ்ட் எதைத் தேடுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உள்பகுதியிலிருந்து ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வரும். நாங்கள் சுருக்கமாக ஃபியோ என்போம். அட்ரினலினும் நார்அட்ரினலினும் அளவுக்கு மீறிச் சுரக்கிற கட்டி அது. அரிதானதுதான், ஆனால் தெரியாமல் கத்தி வைத்தால் மேசையிலேயே பிரஷர் தாறுமாறாக ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால்தான் அட்ரீனலில் தற்செயலாகக் கட்டி தெரிந்தால், வேறு எதற்கும் முன்னால் ஃபியோ இல்லை என்பதை உறுதிசெய்யச் சொல்கிறோம். சி.டி.யில் கட்டியின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணில் சொல்வார்கள். சாயம் செலுத்தாமல் எடுத்த படத்தில் அந்த எண் 10 அல்லது அதற்குக் கீழே, கட்டி முழுவதும் ஒரே சீராக இருந்தால் அது அடினோமா என்ற, கொழுப்பு நிறைந்த தீங்கற்ற சாதாரணக் கட்டி. அப்போது இந்த ரத்தப் பரிசோதனையே தேவையில்லை. ஸ்பெஷலிஸ்ட் டெஸ்ட் கேட்டிருக்கிறார் என்றால் அம்மாவின் எண் 10-க்கு மேலே இருந்திருக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்ரினலினையே அளந்துவிட்டுப் போகலாமே, இந்த மெட்டானெஃப்ரின் எதற்கு என்று பலர் கேட்பார்கள். கட்டி அட்ரினலினை எந்நேரமும் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்காது. கொட்டும்போதுதான் தலைவலி, படபடப்பு, வியர்வை எல்லாம். மற்ற நேரத்தில் ரத்தம் எடுத்தால் அளவு சரியாகவே இருக்கலாம். ஆனால் கட்டியின் செல்களுக்குள் சேமித்த சரக்கு எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்ததை அந்தச் செல்லிலேயே இருக்கும் ஒரு நொதி பிடித்து, அட்ரினலினை மெட்டானெஃப்ரினாகவும் நார்அட்ரினலினை நார்மெட்டானெஃப்ரினாகவும் மாற்றி வெளியே விடும். கட்டி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். அதனால் ஒழுங்காக எடுத்த ரத்தத்தில் இந்த இரண்டும் சரியாக இருந்தால், ஃபியோ இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

"இல்லை" என்று சொல்வதில் இந்த டெஸ்ட் கெட்டி. "இருக்கிறது" என்று சொல்வதில்தான் சறுக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பேருக்கு இந்த டெஸ்ட் செய்கிறோம், அவர்களில் 5 பேருக்கு நிஜமாகவே ஃபியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் அகப்பட்டுவிடுவார்கள். மீதி 995 பேரில், பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் கட்டி இல்லாமலேயே எண் ஏறி நின்றால், சுமார் 100 பேர் காரணமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அதாவது ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வந்த 105 பேரில் 5 பேருக்குத்தான் கட்டி. உங்கள் அம்மாவுக்கு ஸ்கேனில் கட்டி தெரிகிறதால் கணக்கு கொஞ்சம் மாறும். இருந்தாலும் தற்செயலாகத் தெரிகிற அட்ரீனல் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபியோ இல்லை.

சரி, கட்டி இல்லாமலேயே எண் எப்படி ஏறும்? நார்அட்ரினலின் அட்ரீனலின் தனிச் சொத்து இல்லை. உடம்பு முழுக்க ஓடி, நாம் நினைக்காமலேயே பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றும் அனுதாப நரம்புகளின் முனைகளிலும் அது சுரக்கிறது, ரத்தத்தில் இருக்கும் நார்அட்ரினலினில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதுதான். நாம் படுத்திருக்கும்போது இதயத்துக்கு ரத்தம் சுலபமாகத் திரும்பிவிடும். எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே கால் பக்கம் இறங்குகிறது. மூளைக்குப் போகும் பிரஷர் விழாமல் இருக்க அந்த நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன, அதற்கு நார்அட்ரினலினைத்தான் செலவழிக்கின்றன. அதிலிருந்து நார்மெட்டானெஃப்ரின் கூடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் இந்தக் கணக்கில் பாதி நிற்பது மாதிரிதான். படியேறி வந்தது அதற்கு மேல் ஒரு கூடுதல்.

மெட்டானெஃப்ரின் கதை வேறு. அதில் 90 சதவீதத்துக்கு மேல் அட்ரீனலுக்குள்ளேயே உண்டாவது. அதனால் நிற்பதும் நடப்பதும் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. அம்மாவின் ரிப்போர்ட்டைப் பாருங்கள்: நார்மெட்டானெஃப்ரின் மட்டும் ஏறியிருக்கிறது, மெட்டானெஃப்ரின் தன் பாட்டுக்கு நடுவில் இருக்கிறது. நரம்பு தூண்டப்பட்டாலும் மருந்து குறுக்கிட்டாலும் எங்களுக்கு வரும் வடிவம் இதுதான். ஆனால் நார்அட்ரினலின் மட்டும் சுரக்கிற ஃபியோவும் இதே வடிவத்தில்தான் வரும். அதனால் வடிவத்தைப் பார்த்து ஆறுதல் அடையலாம், முடிவு சொல்ல முடியாது.

உட்கார்ந்து எடுத்தால் பொய்யாக ஏறி வரும் முடிவுகள் படுத்து எடுப்பதைவிட கிட்டத்தட்ட 3 மடங்கு ஆகின்றன. "அப்படியானால் உட்கார்ந்தவர்களுக்கென்று தனி எல்லை வைத்துவிட்டால் போச்சு" என்று சில இடங்களில் செய்கிறார்கள். அங்கே வேறு ஒரு ஓட்டை உண்டு. உட்கார்ந்தவர்களின் எல்லை உயரமாக இருக்கும், சின்ன ஃபியோ ஒன்று அந்த உயரத்துக்குக் கீழேயே ஒளிந்துகொண்டுவிடும். அதனால் ஆய்வகத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நீங்கள் கொடுத்திருக்கும் 0.90 படுத்து எடுத்தவர்களுடையதா, உட்கார்ந்து எடுத்தவர்களுடையதா?" படுத்தவர்களுடைய எல்லை என்றால் அம்மா உட்கார்ந்து கொடுத்த 1.58-ஐ அதோடு ஒப்பிட்டதே தப்பு. போதாததற்கு வயதும் இருக்கிறது. வயது ஏற ஏற நார்மெட்டானெஃப்ரின் இயல்பாகவே ஏறும். 20 வயதுக்காரருக்கும் 58 வயதுக்காரருக்கும் ஒரே எல்லை வைப்பது நியாயமில்லை. அறுபதை நெருங்குகிறவர்களுக்குப் படுத்து எடுத்த எல்லையே 1.0-ஐ ஒட்டி வந்துவிடும். அந்தக் கணக்கில் அம்மாவின் எண் எல்லைக்கு ஒன்றரை மடங்கு சொச்சம். 3 மடங்கைத் தாண்டியிருந்தால் நானும் வேறு குரலில் பேசியிருப்பேன்.

இதில் என் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு குறிப்பிட்ட ரத்த சேகரிப்பு அறையிலிருந்து வரும் மாதிரிகளில் மட்டும் நார்மெட்டானெஃப்ரின் அடிக்கடி கொஞ்சம் ஏறியே வந்துகொண்டிருந்தது. எல்லாப் படிவத்திலும் "படுத்த நிலை" என்ற கட்டத்தில் டிக் இருந்தது. ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தேன். கட்டில் இருந்தது. அதன் மேல் கையுறைப் பெட்டிகளும் ஊசிப் பெட்டிகளும் தலைக்கு மேல் அடுக்கியிருந்தன. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. நோயாளி அதில் உட்கார்ந்திருக்க, சிஸ்டர் டிக் போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவரை அரைமணி நேரம் படுக்கவைக்க யாருக்கு நேரம்? அன்றிலிருந்து டிக்கை நான் நம்புவதில்லை, "எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்" என்று இரண்டு நேரத்தையும் எழுதச் சொல்வேன். நீங்களும் அதையே கேளுங்கள்.

இனி மருந்து விஷயம். என் சந்தேகம் படுக்கையைவிட இதில்தான் அதிகம்.

நரம்பு முனை தான் வெளியிட்ட நார்அட்ரினலினை அப்படியே விட்டுவிடாது, பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அமிட்ரிப்டிலின் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. கால் எரிச்சல் குறைவதே அதனால்தான். ஆனால் உள்ளே போக வழியில்லாத நார்அட்ரினலின் வெளியே அலைந்து, மற்ற திசுக்களில் நார்மெட்டானெஃப்ரினாக மாறி ரத்தத்தில் வந்து நிற்கிறது. இங்கே இயந்திரம் பொய் சொல்லவில்லை, ரத்தத்தில் நிஜமாகவே நார்மெட்டானெஃப்ரின் கூடியிருக்கிறது. அதனால் எவ்வளவு நவீன இயந்திரம் வைத்து அளந்தாலும் இந்தத் தவறு போகாது. 25 மில்லிகிராம் சின்ன அளவுதானே என்று தோன்றும். சின்ன அளவே எல்லைக்கு மேல் தள்ளிவிடப் போதும்.

ஜலதோஷ மாத்திரையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். சூடோஎஃபெட்ரின் என்று எழுதியிருந்தால் அதுவும் ஒரு பங்காளி. மூக்கடைப்பைத் திறக்க அது செய்யும் வேலையே நரம்பு முனையிலிருந்து நார்அட்ரினலினை வெளியே தள்ளுவதுதான். ஒன்று வெளியே தள்ளுகிறது, இன்னொன்று திரும்ப உள்ளே வரும் வாசலைப் பூட்டுகிறது, அப்புறம் ஆள் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்கிறார். 1.58 வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஃபினைல்எஃப்ரின் கலந்த மாத்திரை, மூக்கில் விடும் சொட்டு மருந்து இவற்றையும் அந்த நேரத்தில் விட்டுவைப்பது நல்லது.

அமிட்ரிப்டிலினை எப்படி நிறுத்துவது? நீங்களாக இன்றிரவு நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் போட்டவர் பட்டென்று விட்டால் தூக்கம் கெடும், குமட்டல் வரும், எரிச்சல் திரும்பி அம்மா இரவெல்லாம் கால் மேல் கால் தேய்த்துக்கொண்டு கிடப்பார். வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து நரம்பைத் தூண்டினால் டெஸ்ட் அதனாலும் கெடும். எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்கிற மாதிரி படிப்படியாகக் குறைத்து, முழுதாக நின்ற பிறகு 2 வாரம் விட்டு ரத்தம் எடுக்கலாம். இடையில் எரிச்சலுக்கு வேறு மருந்து கேட்பீர்கள். இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கு டாக்டர்கள் அடுத்து எடுப்பது பெரும்பாலும் டுலாக்ஸெடின். அதுவும் அதே வாசலை அடைக்கிற மருந்துதான். வென்லாஃபாக்ஸினும் அப்படியே. ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்கி, 2 வாரம் காத்திருந்து, மறுபடியும் ஏறிய எண்ணோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் டாக்டரிடம் "மெட்டானெஃப்ரின் டெஸ்ட் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கபாபென்டின், ப்ரீகாபலின் வகை இந்த டெஸ்டைத் தொடாது.

பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். எனலாப்ரில் மாதிரியான மாத்திரைகளால் எண் மாறாது. அம்லோடிபின் வகை சற்றே ஏற்றலாம், ஆனால் அதற்காகப் பிரஷரை அவிழ்த்துவிடுவது மதியீனம். ஆல்ஃபா தடுப்பிகளில் டாக்ஸாசோசின் பெரும்பாலும் பாதிக்காது, ஃபீனாக்ஸிபென்சமின் நார்மெட்டானெஃப்ரினை நன்றாகவே ஏற்றிவிடும். மீதில்டோபாவும் லபெட்டலாலும் சில அளவு முறைகளில் குழப்பம் செய்பவை. அம்மாவின் மருந்துப் பையில் இந்த மூன்றில் எதாவது இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா, பழைய வகை மனச்சோர்வு மருந்தான மோனோஅமீன் ஆக்ஸிடேஸ் தடுப்பிகள், கவனக்குறைவுக்கு இளைஞர்கள் போடும் மீதைல்ஃபெனிடேட் ஆகியவையும் எண்ணை உயர்த்துகிறவைதான். அம்மாவுக்கு இவை தேவைப்படுகிறதாகத் தெரியவில்லை, அதனால் நீட்டவில்லை.

பாராசிட்டமால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது ரத்தத்தில் எதையும் ஏற்றுவதில்லை, இயந்திரத்தைத்தான் ஏமாற்றுகிறது. மின்வேதி முறையில் அளக்கும் பழைய கருவிகளில் பாராசிட்டமாலின் தடம் நார்மெட்டானெஃப்ரினின் தடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். நிறை நிறமாலைமானியில், அதாவது மாஸ் ஸ்பெக்கில் அளந்தால் அந்தக் கவலை இல்லை. எந்த முறை என்று தெரியவில்லை என்றால் 5 நாள் பாராசிட்டமால் போடாமல் இருப்பதே சுலபம். மாஸ் ஸ்பெக் இயந்திரத்தின் தவறுகளைத் திருத்தும், உடம்புக்குள் மருந்து செய்யும் வேலையைத் திருத்தாது. எந்த மருந்து எந்த ரகம் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மருந்தை நிறுத்தவே முடியாதவர்கள் உண்டு. கடுமையான மனச்சோர்வில் வென்லாஃபாக்ஸினால் நிலைபெற்றிருக்கிற ஒருவரை ஒரு ரத்தப் பரிசோதனைக்காக மறுபடி அந்தப் பள்ளத்தில் தள்ளக்கூடாது. அவர்களுக்கு நான் சொல்வது: மருந்தோடேயே, ஆனால் படுக்கவைத்து ஒழுங்காக எடுங்கள். இந்த மருந்துகள் எண்ணை ஏற்றுமே ஒழிய இறக்காது. மருந்தோடு எடுத்தும் சரியாக இருந்தால் ஃபியோ பேச்சு அங்கேயே முடிந்தது. ஏறி வந்தால் மட்டும்தான் நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இப்போது மறுபடி எடுக்கும் நாளைப் பற்றி. எட்டு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால் முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். இந்த இரண்டு எண்களுக்கு மட்டும் என்றால் பட்டினி அவ்வளவு கட்டாயமில்லை. கூடவே மெத்தாக்ஸிடைரமின் என்ற மூன்றாவது பொருளை அளப்பார்கள் என்றால் பட்டினி கட்டாயம், வாழைப்பழமும் கொட்டை வகைகளும் அதைத் தூக்கிவிடும். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாத வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு நேராக ஆய்வகத்துக்கு வரும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. அன்றைக்கு மட்டும் பழத்தை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காப்பியும் டீயும் காலையில் வேண்டாம். ரூய்போஸ் டீயில் காஃபின் இல்லையே என்று அம்மா கேட்பார், இல்லைதான், ஆனால் பட்டினி என்றால் அதுவும் பட்டினியில் சேர்த்தி. சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதுவும் விலக்கு.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டு, ரத்தச் சர்க்கரை கீழே இறங்கினால் அட்ரீனல் அட்ரினலினைக் கொட்டும். அப்புறம் மெட்டானெஃப்ரினும் ஏறி, இதுவரை இல்லாத புதிய குழப்பம் ஒன்று வரும். காலை மருந்தை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டு, பெரும்பாலும் ரத்தம் எடுத்து முடித்து, சாப்பாட்டோடு போடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பெட்டியும் இரண்டு இட்லியும் பையில் இருக்கட்டும். போகும் வழியில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

உள்ளே போனதும் முதலில் பாத்ரூம் போய்வரச் சொல்லுங்கள். அரைமணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பதும் நரம்புக்குத் தொந்தரவுதான். பிறகு படுக்கவைத்து, கையில் சின்னக் குழாய் ஊசி, அதாவது கேனுலா, அப்போதே போட்டுவிட வேண்டும். குத்தும் வலியும் பயமும் அந்த நிமிடத்தோடு ஓய்ந்துவிடும். அப்புறம் 30 நிமிடம் நேராக மல்லாந்து படுத்திருக்க வேண்டும், தலையணை ஒன்று போதும். தலைப்பக்கத்தை நிமிர்த்திய கட்டில் பாதி உட்கார்ந்த மாதிரிதான், அதை முழுதாகத் தாழ்த்தச் சொல்லுங்கள். நடுவில் எழுந்து சிஸ்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு மறுபடி படுத்தால் கடிகாரம் திரும்ப முதலிலிருந்து. டர்பன் குளிர் பெரிய குளிர் இல்லைதான், ஆனாலும் ஜூலை காலையில் ஏசி ஓடும் அறையில் மெல்லிய சேலையோடு படுத்தால் சிலிர்க்கும். குளிரும் நார்மெட்டானெஃப்ரினைத் தூக்கும். ஒரு போர்வையை நீங்களே கொண்டுபோங்கள். போன் உங்கள் கையில் இருக்கட்டும். ஆபரேஷன் பற்றி மாமா அந்த அரைமணிக்குள் அழைத்துப் பேசினால் நான் எதற்கும் பொறுப்பில்லை.

நேரம் ஆனதும் அதே கேனுலாவிலிருந்து, அம்மா படுத்தபடியே இருக்க, முதலில் வரும் கொஞ்சம் ரத்தத்தைக் கொட்டிவிட்டு அடுத்து வருவதை எடுப்பார்கள். ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாய், உடனே ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குப் போய், குளிர்ந்த சுழல்கருவியில் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். இதை நீங்கள் கண்காணிக்க முடியாது. ஆனால் குழாயை மேசை மேல் சும்மா வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டால், "சிஸ்டர், இது ஐஸில் போகணும் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்கலாம். கோபிக்க மாட்டார்கள். இந்த டெஸ்ட் தினமும் வருவதில்லை, சிலருக்கு மறந்தும் போகும்.

அடுத்த ரிப்போர்ட் மூன்று விதமாக வரலாம். நார்மெட்டானெஃப்ரின் எல்லைக்குள் இறங்கிவிட்டால், 0.78 மாதிரி ஏதாவது வந்தால், ஃபியோ கதை முடிந்தது. கட்டியைப் பற்றிய மற்ற கேள்விகள், கார்ட்டிசோல், பிரஷர் இருப்பதால் ஆல்டோஸ்டிரோன், அவை தனியாகப் போகும். ஸ்பெஷலிஸ்ட் பார்த்துக்கொள்வார். எல்லா ஏற்பாடும் ஒழுங்காக இருந்தும் 3 மடங்குக்கு மேல் வந்தால், அல்லது இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறினால், ஃபியோ என்றே எடுத்துக்கொண்டு மேற்கொண்டு போவார்கள்.

தொல்லை நடுவில்தான். 1.2, 1.3 என்று கொஞ்சமே ஏறி நின்றால் சிலருக்கு குளோனிடின் அடக்குப் பரிசோதனை செய்வோம். அதே படுக்கை, அதே கேனுலா. ஒரு ரத்தம் எடுத்துவிட்டு 300 மைக்ரோகிராம் குளோனிடின் மாத்திரை கொடுப்போம். 3 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்போம். குளோனிடின் மூளையிலிருந்து அனுதாப நரம்புகளை அடக்கிவைக்கும். எண் ஏறியது நரம்பால் என்றால் நார்மெட்டானெஃப்ரின் 40 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கும், அல்லது எல்லைக்குள் வந்துவிடும். கட்டி மூளையின் பேச்சைக் கேட்காது. அதன் எண் அசையாமல் நிற்கும். 1.30 என்று தொடங்கி 0.70-க்கு வந்தால் நரம்பு, 1.24-லேயே நின்றால் கட்டி. பிரஷர் சரிந்து மயக்கம் வரக்கூடும் என்பதால் இதை ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடுதான் செய்ய வேண்டும். இதற்கும் அமிட்ரிப்டிலின் முன்னாலேயே நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த முடிவும் கோணிப்போகும்.

அதுவரை மூன்று விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கட்டியில் ஊசி போட்டு மாதிரி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், ஃபியோவாக இருந்தால் அந்த ஊசியே பிரஷரை வெடிக்கவைக்கும். ஆல்ஃபா தடுப்பி இல்லாமல் தனியாக பீட்டா தடுப்பியைத் தொடங்கக் கூடாது. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட வந்தால், "அட்ரீனல் கட்டிக்கு டெஸ்ட் நடந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லி வேறு மருந்து கேளுங்கள். அம்மாவின் பர்ஸில் ஒரு துண்டுச்சீட்டில் இதை எழுதி வைத்துவிட்டால் போதும், அவசரப் பிரிவில் யாரும் நினைவில் தேட வேண்டியதில்லை.

தேதி குறிக்கும்போது அமிட்ரிப்டிலின் கடைசியாகப் போட்ட நாளிலிருந்து எண்ணுங்கள், குறைக்கத் தொடங்கிய நாளிலிருந்து இல்லை. கோரிக்கைப் படிவத்தில் அந்தத் தேதியையும், அம்மா போடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும், படுத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். என் மாதிரி ஒருவர் மேசையில் அந்தத் தாள் வரும்போது, எண்ணுக்கு முன்னால் அவர் படிப்பது அந்த நான்கு வரியைத்தான்.